228.5 என்ற எண்ணுக்குள் எவ்வளவு மருந்து? குழந்தையின் மருந்துச் சீட்டைச் சரிபார்க்கும் கணக்கு

மருந்தகச் சன்னலில் ஒரு தாய் நீட்டிய சீட்டில் இப்படி எழுதியிருந்தது: வயது 3, எடை 14 கிலோ, நடுச்செவி அழற்சி. அதன் கீழே அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த, தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் டி.டி. மாத்திரை 228.5, காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக ஏழு நாட்களுக்கு. காய்ச்சல் இருந்தால் மட்டும் பாராசிட்டமால். கையெழுத்து தெளிவாக இருந்தது. மருந்தும் அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட ஒரு நிமிடம் போதும். ஆனால் குழந்தைக்கான சீட்டில் மருத்துவர் போட்ட கணக்கின் விடை மட்டுமே நமக்குத் தெரிகிறது, கணக்கு தெரிவதில்லை. ஆகவே விடையிலிருந்து பின்னோக்கிப் போய், கிலோ ஒன்றுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து சேருகிறது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மருத்துவர் போகும் வழி எடையிலிருந்து தொடங்குகிறது. கிலோவுக்கு இவ்வளவு மி.கி. என்ற அளவை எடையால் பெருக்கி, நாளுக்கு எத்தனை வேளையோ அத்தனையால் வகுத்து, மாத்திரையின் வலுவால் மீண்டும் வகுத்து, வரும் பின்னத்தை முழு மாத்திரையாகவோ அரையாகவோ நெருக்கி எழுதுகிறார். அதே வழியில் நாமும் போனால் அவர் தவறிய இடத்தில் நாமும் தவற வாய்ப்பு உண்டு. எதிர்த்திசையில் போனால் அந்த வாய்ப்பு குறைகிறது. அதனால் கையில் உள்ள மாத்திரைப் பட்டையிலிருந்து தொடங்குவதையே நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

முதலில் எடை. மூன்று வயதுக் குழந்தைக்கு 14 கிலோ என்பது நம்பத்தக்கதா என்பதை ஒரு மனக்கணக்கு சொல்லிவிடும்: வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்ட வேண்டும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கு இது தோராயமாகப் பொருந்தும். மூன்று வயதுக்கு 14 கிலோ வருகிறது. இந்தக் கணக்கை வைத்து யாரும் மருந்து அளவை முடிவு செய்யக் கூடாது. 14 என்பது 41 என மாறி எழுதப்பட்டிருந்தால் கண்ணில் படவும், ஆறு மாதத்துக்கு முந்தைய எடையையே சீட்டில் ஏற்றியிருந்தால் சந்தேகம் எழவும் மட்டுமே அது உதவும். சந்தேகம் எழுந்தால் குழந்தையைத் தராசில் நிறுத்துவதே வழி. நம் சீட்டில் எடையில் சிக்கல் இல்லை.

அடுத்தது பட்டை. இந்த மாத்திரையின் பெயரோடு பெரிதாக அச்சிட்டிருக்கும் 228.5 என்ற எண் அமாக்சிசிலினின் அளவைச் சொல்லவில்லை. பட்டையைப் பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சிறிய எழுத்தில் இருப்பது தெரியும்: அமாக்சிசிலின் 200 மி.கி., கிளாவுலனிக் அமிலம் 28.5 மி.கி. இரண்டையும் கூட்டித்தான் முகப்பில் போட்டிருக்கிறார்கள். நுண்ணுயிரைக் கொல்லும் வேலை அமாக்சிசிலினுடையது. சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து அதை உடைத்துவிடும். அந்த நொதியை முடக்குவது கிளாவுலனிக் அமிலத்தின் வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்று நூல்களில் காணும் அளவுகள் அமாக்சிசிலினை மட்டும் கணக்கில் கொண்டவை. ஆகவே 228.5-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் உள்ளதைவிட அதிகமான மருந்து சேருவதுபோலத் தோன்றும்.

சரியான எண்ணை வைத்துப் பின்னோக்கிப் போவோம். ஒரு மாத்திரையில் 200 மி.கி.; நாளுக்கு இரண்டு; ஆக 400 மி.கி. அதை 14 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 28.6 மி.கி. வருகிறது. இந்த விடை சரியா தவறா என்பதைக் கணக்கு மட்டும் சொல்லாது. நோய் எது என்று தெரிந்தாக வேண்டும். இரண்டு வேளையாகக் கொடுக்கப்படும் இந்தக் கலவைக்கு, கடுமையில்லாத தொற்றுகளில் நாளுக்குக் கிலோவுக்கு 25 மி.கி. வழக்கமான அளவு. நடுச்செவி அழற்சி, சைனஸ் தொற்று போன்றவற்றுக்கு 45 மி.கி. வேண்டும். தோலில் ஒரு சிறு தொற்று என்று சீட்டில் எழுதியிருந்தால் 28.6-ஐ நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். நடுச்செவி என்று இருந்ததால் இது தேவையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. நோயின் பெயர் எழுதப்படாத சீட்டைப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரிபார்த்ததாகக் கொள்ள முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

குறைவான அளவு யாரையும் பதற வைப்பதில்லை. குழந்தைக்கு உடனே எதுவும் ஆவதில்லை என்பதால் அது எளிதில் தப்பிவிடுகிறது. ஆனால் அமாக்சிசிலின் இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் மருந்து. கிருமியை அடக்கத் தேவையான செறிவுக்கு மேல் அது எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தே குணம் கிடைக்கும். வேளை அளவு குறைந்தால் அந்த நேரமும் குறையும். அடுத்த வேளை வரும்வரை கிருமிக்கு நீண்ட இடைவெளி கிடைத்துவிடும். நடுச்செவிக்குள் மருந்து நுழைவதும் எளிதல்ல என்பதால், மூன்றாம் நாளிலும் காய்ச்சல் விடாமல் அதே குழந்தை திரும்பி வர இடமுண்டு.

சரி, கூட்ட வேண்டும் என்று தெரிந்ததும் கை இயல்பாகப் பக்கத்துத் தட்டில் இருக்கும் 375 மாத்திரைக்குப் போகும். கடைகளில் டி.டி. இருப்பு இல்லாதபோதும் இதே மாற்றத்தைச் செய்துவிடுகிறார்கள். 228.5-ஐவிடப் பெரிய எண், கூடுதல் வலு, காலை ஒன்று, இரவு ஒன்று கொடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். அந்தப் பட்டையையும் திருப்பிப் பார்க்க வேண்டும்: அமாக்சிசிலின் 250 மி.கி., கிளாவுலனிக் அமிலம் 125 மி.கி. நாளுக்கு இரண்டு என்றால் அமாக்சிசிலின் கிலோவுக்கு 35.7 மி.கி. ஆகிறது, இன்னும் 45-ஐ எட்டவில்லை. ஆனால் கிளாவுலனிக் அமிலம் நாளுக்கு 250 மி.கி., அதாவது கிலோவுக்கு 17.9 மி.கி. ஆகிவிடுகிறது. டி.டி. மாத்திரையில் அது வெறும் 4.1 ஆக இருந்தது. கிளாவுலனிக் அமிலம் குடலின் அசைவைத் தூண்டி வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடியது என்பதால் நாளுக்குக் கிலோவுக்கு 10 மி.கி.க்குள் நிறுத்துவது நல்லது. ஆக, வேண்டிய மருந்து குறையாகவும் வேண்டாதது கூடுதலாகவும் போய்ச் சேருகிறது. டி.டி.யில் இரண்டும் ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கின்றன. 375-இல் இரண்டுக்கு ஒன்று. விகிதம் வேறாக இருக்கும் இரண்டு பொருட்களை முகப்பு எண்ணை வைத்து ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ள இயலாது. பெரியவர்களிலும் இதே சிக்கல் உண்டு: 625 மாத்திரையில் 500-உம் 125-உம் இருப்பதால், அதற்குப் பதிலாக இரண்டு 375 கொடுத்தால் அமாக்சிசிலின் ஒத்துப்போகும், கிளாவுலனிக் அமிலம் இரட்டிப்பாகிவிடும்.

எனவே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "அளவு தப்பா இருக்கு" என்று தொடங்குவதைவிடக் கணக்கை அப்படியே சொல்வதுதான் வேலைக்கு ஆகும்: "மேடம், மூணு வயசுக் குழந்தை, 14 கிலோ, காதுக்குன்னு எழுதியிருக்கீங்க. 228.5 ஒண்ணு ரெண்டு வேளைன்னா அமாக்சிசிலின் கிலோவுக்கு 28 தான் வருது. 45 கணக்குல குடுக்கணுமா?" அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு 45-ஐ உறுதி செய்தார். 45-ஐ 14-ஆல் பெருக்கினால் நாளுக்கு 630 மி.கி., வேளைக்கு 315. டி.டி.யில் ஒன்றரை மாத்திரை என்றால் 300 மி.கி. கிடைக்கும், கிலோவுக்கு 42.9 என்பது நெருக்கமே. ஆனால் அரை மாத்திரையைப் பிரிப்பதில் வீட்டில் தவறு நேர்கிறது. சிலர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துப் பாதியைக் கொடுப்பார்கள். உண்மையில் அது கரைவதில்லை, துகளாகப் பரவி நிற்கிறது. கலக்காமல் விட்டால் அடியில் தங்கிவிடுவதால் மேல் பாதியில் மருந்து குறைவாகவும் அடிப்பாதியில் அதிகமாகவும் இருக்கும். அதனால் ஒவ்வொரு 5 மி.லி.யிலும் 400 மி.கி. அமாக்சிசிலினும் 57 மி.கி. கிளாவுலனிக் அமிலமும் உள்ள 457 சிரப்புக்கு மாற்றச் சொன்னார். வேளைக்கு 4 மி.லி. என்றால் 320 மி.கி.; நாளுக்கு 640; கிலோவுக்கு 45.7. கிளாவுலனிக் அமிலம் கிலோவுக்கு 6.5. இரண்டும் எல்லைக்குள் இருந்தன.

பாராசிட்டமாலில் பார்க்க வேண்டியது வேறு. அமாக்சிசிலினை நாளுக்கு இவ்வளவு என்று சொல்லிப் பிறகு வேளைகளாகப் பிரிக்கிறோம். பாராசிட்டமாலை வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்றும், நாளுக்குக் கிலோவுக்கு 60 மி.கி.க்குள் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறோம். குழந்தை மருந்துக் கணக்கில் நான் மிகவும் அஞ்சுவது இந்த 'வேளைக்கு', 'நாளுக்கு' என்ற இரண்டு சொற்கள் இடம் மாறுவதைத்தான். நம் குழந்தைக்கு வேளைக்கு 140 முதல் 210 மி.கி. வரை கொடுக்கலாம். நாளுக்கான 60-ஐ வேளைக்கானது என்று எடுத்துக்கொண்டால் ஒரு வேளையே 840 மி.கி. ஆகிவிடும், அதை நான்கு முறை கொடுத்தால் கல்லீரலைச் சிதைக்கும் அளவு அது. அமாக்சிசிலினில் அதே பிழை நேர்ந்தால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும்.

வீட்டில் இருக்கும் 500 மி.கி. பாராசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா என்று அந்தத் தாய் கேட்டார். அரை மாத்திரை 250 மி.கி.; கிலோவுக்கு 17.9. நாளுக்கு நான்கு முறை கொடுத்தால் 71 ஆகி 60-ஐத் தாண்டிவிடும். கால் மாத்திரை 125 மி.கி.; கிலோவுக்கு 8.9, காய்ச்சலுக்குப் போதாது. கையால் கால் கால் பங்காகச் சரியாக உடைக்கவும் வராது. இந்த எடைக்கு அந்த மாத்திரை எந்த வகையிலும் பொருந்தவில்லை. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் 4 மி.லி. கொடுத்தால் 200 மி.கி.; கிலோவுக்கு 14.3.

இரண்டு சிரப்பிலும் வேளைக்கு 4 மி.லி. என்று தற்செயலாக அமைந்துவிட்டது. வீட்டில் இரண்டையும் மாற்றிக்கொள்ளாமல் இருக்க ஒரு பாட்டிலில் 'காதுக்கு, காலை–இரவு, ஏழு நாள்' என்றும், மற்றதில் 'காய்ச்சலுக்கு மட்டும், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம்' என்றும் எழுதி ஒட்டினேன். ஒரு அளவுச் சிரிஞ்சில் 4 என்ற கோட்டைப் பேனாவால் குறித்து, தண்ணீரை உறிஞ்சிக் காட்டச் சொன்னேன். முதல் முறை அவர் 5 வரை இழுத்தார். இரண்டாம் முறை சரியாக நிறுத்தினார்.