தொக்கு சுண்டினாலும் எண்ணெய் சுண்டாது

வெங்காயம் தக்காளி மசாலாவை மொத்தமாக வதக்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஒரு கரண்டி எடுத்துச் சமைப்பது வசதியான வழி. ஆனால் எண்ணெயை அளந்து சாப்பிட நினைப்பவர்களுக்கு அங்கேதான் கணக்கு தப்புகிறது. கடாயில் ஊற்றியது எவ்வளவு என்று தெரியும். கரண்டியில் வந்தது எவ்வளவு என்று தெரியாது. அதைக் கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசு ஒன்று போதும்.

வெங்காயத்தில் ஏறக்குறைய 89 சதவீதம் தண்ணீர், தக்காளியில் 94 சதவீதம். அந்தத் தண்ணீர் நிறைய இருக்கும்வரை கலவையின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். எண்ணெயும் சிறு துளிகளாகச் சிதறி ஈரக்கூழுக்குள் மறைந்திருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து ஓரங்களில் கசிகின்றன. எண்ணெய் பிரிகிறது என்று நாம் சொல்வது இதைத்தான். ஆவியாகப் போனது தண்ணீர் மட்டுமே. வெளியே தெறித்ததை விட்டால், ஊற்றிய எண்ணெய் முழுவதும் கடாயிலேயே இருக்கிறது. அதனால் எண்ணெயை முதலில் நிறுக்க வேண்டும், மசாலாவைக் கடைசியில் நிறுக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலிக் கடாய் 850 கிராம். வெங்காயம் 500, தக்காளி 400, இஞ்சி பூண்டு விழுது 40, பொடிகளும் உப்பும் சேர்த்து 30 கிராம். எண்ணெய்க்குப் பாட்டிலை ஊற்றும் முன்பும் ஊற்றிய பின்பும் நிறுத்தோம். வித்தியாசம் 60 கிராம். ஆக, அடுப்பில் ஏறியது 1,030 கிராம். வதங்கி முடிந்ததும் கடாயோடு நிறுத்தால் 1,330 கிராம் காட்டுகிறது. கடாயைக் கழித்தால் மசாலா 480 கிராம். 60-ஐ 480-ஆல் வகுத்தால் 12.5 சதவீதம். 80 கிராம் பிடிக்கும் ஒரு கரண்டியில் 10 கிராம் எண்ணெய், அதாவது 90 கிலோ கலோரி.

வதக்கும் முன் இருந்த 1,030 கிராமை வைத்து வகுத்தவருக்கு அதே கரண்டியில் 4.7 கிராம்தான் என்று விடை வரும். உண்மையில் பாதிகூட இல்லை. இன்னும் சற்று நேரம் கிளறி 400 கிராமாகச் சுண்டவைத்தால் விகிதம் 15 சதவீதமாக ஏறும். எனவே போன வாரத்துச் சதவீதத்தை இந்த வாரத்து மசாலாவுக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் கடைசி எடை வேண்டும்.

எண்ணெயைக் கரண்டியால் அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 15 மில்லி எண்ணெய் சுமார் 14 கிராம் என்பது சரிதான். ஆனால் சாப்பிடும் கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. எண்ணெய் விளிம்புக்கு மேலே குமிழ்ந்தும் நிற்கும். பாட்டிலை நிறுப்பதில் இந்தத் தொல்லை இல்லை. சூடான கடாயை நேரே தராசின் மேல் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் உணரி சூட்டில் தடுமாறும். மரப்பலகையை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதன்மேல் கடாயை வையுங்கள்.

விகிதம் சரியாக இருந்தும் பங்கு தவறும் இடம் ஒன்று இருக்கிறது. வதங்கிய மசாலாவைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கிப் பாருங்கள், அந்தப் பள்ளத்தில் சிவந்த எண்ணெய் ஊறி நிறையும். அப்படியே மேலாக அள்ளினால் முதல் கரண்டி எண்ணெயாகவும் கடைசிக் கரண்டி சக்கையாகவும் வரும். வெதுவெதுப்பாக இருக்கும்போது அடிவரை நன்றாகக் கிளறி, கிளறிய கையோடு பங்கு பிரிக்க வேண்டும். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் வழுக்கலும் பெரும்பாலும் எண்ணெய்தான். உடனே குழம்பு வைப்பதாக இருந்தால் கடாயைச் சுடுநீரில் அலசி அதையும் குழம்பில் ஊற்றுங்கள். மிதக்கும் எண்ணெயை வேண்டாமென்று வழித்தெடுத்தால், எடுத்ததை நிறுத்து 60-லிருந்தும் 480-லிருந்தும் கழித்துவிட்டுப் பிறகு வகுக்கவும்.

மசாலா குழம்பாக மாறிய பிறகும் இதே முறைதான். 160 கிராம் மசாலாவில் 20 கிராம் எண்ணெய். அதில் வேகவைத்த கொண்டைக்கடலையும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்கவிட்டு இறக்கியபோது மொத்தம் 640 கிராம் என்றால், 200 கிராம் கிண்ணத்தில் 6.25 கிராம் வரும். மேலே தாளித்துக் கொட்டினால் அந்த எண்ணெயை 20-உடன் கூட்டியபின் பங்கிட வேண்டும். முந்திரி அரைத்து விட்டால் அதன் கொழுப்பு தனிக் கணக்கு: 30 கிராம் முந்திரியில் மட்டும் சுமார் 13 கிராம். மீதி மசாலாவை உறையவைக்கும்போது டப்பாவின் மேல் எடையோடு எண்ணெய் அளவையும் எழுதி ஒட்டுங்கள்: ‘80 கிராம், எண்ணெய் 10’.