வீட்டில் படுக்கை நோயாளி: மாதச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

வீட்டு மருத்துவப் பராமரிப்பில் செவிலியராகப் பணியாற்றும் நான், சில மாதங்களுக்கு முன் நுரையீரல் நோயால் படுத்த படுக்கையாகிவிட்ட 72 வயது முதியவர் ஒருவரின் மகனைச் சந்தித்தேன். கட்டில் வாடகை, ஆக்சிஜன் செறிவூட்டியின் வாடகை, பகல்நேரப் பணியாளரின் சம்பளம் என மூன்றே வரிகளில் அவர் மாதச் செலவை எழுதி வைத்திருந்தார்.

அதில் முதலில் விடுபட்டிருந்தது மின்சாரம். முதியவருக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் நாள் முழுவதும் தரும்படி மருத்துவர் எழுதியிருந்தார். ஏறக்குறைய 350 வாட் இழுக்கும் செறிவூட்டி 24 மணி நேரமும் ஓடினால் நாளொன்றுக்கு 8.4 யூனிட், மாதத்துக்குச் சுமார் 250 யூனிட் செலவாகும். இதைப் பார்த்ததும் சிலிண்டரே போதுமே என்று மகன் கேட்டார். அதே அளவு ஆக்சிஜனுக்கு மாதம் 86,400 லிட்டர் தேவைப்படும்; 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர்கூட இரண்டரை நாளுக்கும் குறைவாகவே வரும் என்பதால், மாதம் 12 முறைக்கு மேல் நிரப்ப வேண்டும். மருத்துவர் அளவை 4 லிட்டராக உயர்த்தினால் சிலிண்டர் செலவு இரட்டிப்பாகும். 5 லிட்டர் வரை தரும் செறிவூட்டியின் மின்செலவு பெரிதாக மாறாது. ஆகவே செறிவூட்டியையே வைத்துக்கொண்டு, மின்தடைக்காக 1,500 லிட்டர் சிலிண்டர் ஒன்றையும் கணக்கில் சேர்த்தோம். 2 லிட்டர் வீதத்தில் அது கணக்குப்படி பன்னிரண்டரை மணி நேரம் வரும். முழுவதும் தீரும்வரை காத்திருக்க முடியாதென்பதால் பத்து மணி நேரம் என்றே நான் கொள்வேன்.

கட்டிலைப் பொறுத்தவரை, வாங்கும் விலையை மாத வாடகையால் வகுத்துப் பார்த்தாலே எத்தனை மாதத்தில் வாடகை அந்த விலையை எட்டும் என்பது தெரிந்துவிடும்.

பணியாளர் வரிதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. படுக்கைப்புண் வராமலிருக்க, காற்று மெத்தை இருந்தாலும் நோயாளியைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவிலும் அது நிற்காது. இரவைக் குடும்பத்தாரே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லும் பல வீடுகளில், சில வாரங்களிலேயே உறக்கமின்றித் தளர்ந்து இரவுப் பணியாளரையும் அமர்த்துவதைக் கண்டிருக்கிறேன். அப்போது பட்டியலின் பெருந்தொகையே இரு மடங்காகிறது. ஆகவே இரவுப் பணியாளர் இல்லாமலும் இருந்தும் என இரண்டு தொகைகளைத் தொடக்கத்திலேயே எழுதச் சொன்னேன். பகல்நேரப் பணியாளரின் நான்கு விடுப்பு நாள்களுக்கு மாற்று ஆளின் கூலியையும் சேர்த்தோம்.

டயப்பர், விரிப்பு, கையுறை போன்றவற்றை ஊகித்து எழுதுவதைவிட முதல் வாரம் எண்ணிப் பார்ப்பதே சரி. நாளுக்கு நான்கு டயப்பர் வீதம் மாதம் 120 போதும் என மகன் நினைத்திருந்தார். முதல் வாரத்தில் 38 செலவாயின. அதை ஏழால் வகுத்து முப்பதால் பெருக்கியபோது 163 வந்தது. பட்டியலில் அந்த எண்ணையே எழுதிக்கொண்டார்.