ஜட்டியும் பனியனும் மறைக்கிற இடம்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் நாலரை வயது மகளை நாகர்கோவிலில் என்னிடம் அழைத்து வந்திருந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "மேடம், ஸ்கூல்ல குட் டச், பேட் டச்ன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. இப்ப இவ பாட்டாவ பக்கத்துலயே விடமாட்டேங்கா. பாட்டா பேட் டச்சுன்னு சொல்லுகா. மனுஷன் ரெண்டு நாளா சாப்பிடல."

இந்த மாதிரி நேரத்தில் 'தாத்தா நல்லவர்தானே' என்று உடனே சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. பதறவும் கூடாது. குழந்தையோடு தனியாக உட்கார்ந்து, நானாக எந்தப் பதிலையும் வாயில் ஊட்டாமல், "பாட்டா என்ன செய்வாரு, சொல்லு மக்களே" என்று மட்டும் கேட்டேன். தேங்காய் எண்ணெய் தேய்ப்பாராம், சீப்பால் சிக்கெடுப்பாராம், வலிக்குமாம். இரண்டு வேறு நாட்களில் வேறு வேறு விளையாட்டுக்கு நடுவே விசாரித்தபோதும் தலையும் சீப்பும்தான் வந்தன.

பிறகு பொம்மையை எடுத்தேன். "இந்தப் பாப்பாவுக்கு ஒரு மாமா மிட்டாய் குடுத்து, ஜட்டியக் கழட்டுன்னு சொன்னா, அது குட்டா பேடா?" கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மிட்டாய் தந்தா குட்."

பள்ளியில் சொன்னதைக் குழந்தை சரியாகத்தான் கற்றிருந்தாள். நல்லது என்றால் இனிப்பது, கெட்டது என்றால் வலிப்பது. நாலு வயதில் அந்தச் சொற்களுக்கு வேறு பொருள் கிடையாது. தடுப்பூசி வலிக்கும், எண்ணெய்ச் சீப்பு வலிக்கும். தவறான எண்ணத்தோடு நெருங்குகிறவரோ பெரும்பாலும் வலிக்கவிடுவதில்லை. கிச்சுகிச்சு மூட்டுவார், போனில் கேம் தருவார், பைக்கில் ஒரு சுற்று கூட்டிப்போவார். என்னிடம் வந்த சம்பவங்களில் அப்படிச் செய்தவர்கள் அநேகமாக எல்லாருமே குழந்தைக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்தான். 'தெரியாத ஆள்கிட்ட போகாதே' என்று மட்டும் சொல்லி வளர்த்தால் அங்கே உதவாது.

அதனால் நான் உணர்ச்சியை விட்டுவிட்டு விதியைச் சொல்லித் தரச் சொல்கிறேன். அடுப்பைத் தொடாதே, ரோட்டில் கையை விடாதே என்பது போல இதுவும் ஒரு விதி. அந்தத் தாய்க்கு நான் எழுதிக்கொடுத்த வாசகம் இதுதான்:

"ஜட்டியும் பனியனும் மறைக்கிற இடம் உனக்கு மட்டும் உள்ளது. அங்க யாரும் தொடக் கூடாது, பாக்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. அவங்க இடத்தத் தொடுன்னு உன்கிட்ட சொல்லவும் கூடாது. குளிப்பாட்டும்போதும் கழுவிவிடும்போதும் அம்மாவோ பாட்டியோ தொடலாம். டாக்டர் பாக்கணும்னா அம்மா பக்கத்துல நிப்பேன். வேற யாராவது அப்படிச் செஞ்சா, சிரிச்சுக்கிட்டே செஞ்சாலும், வலிக்கலன்னாலும், என்கிட்ட சொல்லணும்."

இதை உட்காரவைத்து ஓதுவதற்கு நேரம் ஒதுக்க வேண்டாம். குளிக்கும் நேரமே போதும். "கால் யாரு தேய்க்கலாம்? முதுகு? இந்த இடம் இனி நீயே சோப்புப் போடு" என்று இரண்டு நிமிடம். விலக்கு யார் யாருக்கு என்பதை வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அப்பாதான் கழுவிவிடுகிறார் என்றால் அப்பா. பட்டியல் சின்னதாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை திரும்பச் சொல்ல வேண்டும், இந்த வயதில் மறந்துபோவார்கள்.

உறுப்புகளுக்குப் பெயர் வைப்பதில்தான் தாய்மார் தயங்குகிறார்கள். 'ஷேம்' என்கிறார்கள், 'குருவி' என்கிறார்கள், 'பூ' என்கிறார்கள். ஒரு பையன் வகுப்பில் "அண்ணன் குருவியப் பிடிச்சாரு" என்று சொன்னால் டீச்சர் என்ன நினைப்பார்? பெயரே இல்லாத பிள்ளை எல்லாவற்றுக்கும் "வயிறு வலிக்கு" என்கிறது, நாமும் ஓமத்தண்ணி கொடுத்துத் தூங்க வைக்கிறோம். 'ஷேம்' இன்னும் மோசம், சொல்ல வெட்கப்பட வேண்டிய இடம் என்று நாமே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். 'மூத்திரம் போற இடம்', 'பின்பக்கம்', 'நெஞ்சு' என்று வெளியாளுக்கும் புரிகிற சொல்லாக இருந்தால் போதும். நான் இலக்கணம் பார்ப்பதில்லை.

அடுத்தது ரகசியம். "அம்மாகிட்ட சொல்லாதே" என்ற ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் நிற்கிறது. பிறந்தநாள் கேக்கை ஒளித்து வைப்பது வேறு, அது சாயங்காலம் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தொடுவதில் ரகசியமே கிடையாது என்று சொல்லுங்கள். கூடவே, "மிட்டாய் வாங்கித் தின்னிருந்தாலும், போன வாரம் சொல்ல மறந்திருந்தாலும் அம்மா ஏச மாட்டேன்" என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்வதற்கு உங்களைத் தவிர இரண்டு பேரையும் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும், அதில் ஒருவர் வீட்டுக்கு வெளியே இருப்பது நல்லது. இந்தப் பெண் அங்கன்வாடி டீச்சரைச் சொன்னாள்.

கத்து, கடி, ஓடு என்று பயிற்சி கொடுப்பவர்களோடு எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. பெரியவர்களே பயத்தில் உறைந்துபோகிறார்கள், நாலு வயதுக் குழந்தை எப்படிக் கத்தும்? கத்தாத பிள்ளை பிறகு, தப்பு தன்மேல் என்று எண்ணி வாயை மூடிக்கொள்ளும். குழந்தையின் வேலை சொல்வது மட்டும்தான், அதுவும் எப்போது சொன்னாலும் சரி. காப்பது நம் வேலை.

உண்மையாகவே ஏதோ நடந்திருப்பதாகக் குழந்தை சொன்னால், முதலில் அது பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். "சொன்னது நல்லது மக்களே. உன்மேல தப்பு இல்ல. நான் பாத்துக்கிடுதேன்" என்பதற்கு மேல் அப்போது எதுவும் தேவையில்லை. ஆச்சி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒவ்வொருவர் முன்னும் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். கேள்விகளால் வார்த்தைகள் மாறிப்போகும். குழந்தை சொன்ன சொல்லை அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள். சமீபத்தில் நடந்ததென்றால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அந்த ஆளிடம் நீங்களே சண்டைக்குப் போகாதீர்கள்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குக் கூப்பிடக் கட்டணம் கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் ஆண் குழந்தைகளுக்கும் பொருந்தும், எத்தனையோ பேர் இதை அறியாமல் 'பையன்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமலிருப்பது அந்தச் சட்டப்படி குற்றம். கோயில் கமிட்டியிலோ சபையிலோ பேசி முடிக்கிற காரியம் அல்ல இது. "ஸ்டேஷன் வாசல்ல பிள்ளய நிறுத்தணுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். குழந்தையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, முடிந்தவரை பெண் அதிகாரி, வாக்குமூலம் வாங்க வேண்டும். பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது.

பாட்டா கதைக்கு வருகிறேன். அவரையும் ஒருநாள் வரச் சொன்னேன். வலிக்கும்போது "மெதுவா" என்று சொல்ல அவளுக்கும், "எண்ண தேய்க்கட்டுமா மக்களே?" என்று கேட்டுவிட்டுத் தொட அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். எழுபது வயதில் அனுமதி கேட்பதா என்று முதலில் அவருக்குச் சிரிப்பு. மூன்றாம் முறை வந்தபோது பொம்மைக்கு மிட்டாய் கொடுத்த மாமா கேள்வியை மறுபடி கேட்டேன். "மிட்டாய் தந்தாலும் கூடாது. அம்மாகிட்ட சொல்லணும்" என்றாள்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் போனில் பேசினார். மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வீட்டில், தூரத்து மாமி கன்னத்தைக் காட்டி முத்தம் கேட்டிருக்கிறார். இவள் பின்னால் நகர்ந்து கை மட்டும் நீட்டியிருக்கிறாள். "பிள்ளைக்கு மரியாத சொல்லிக் குடுக்கலியான்னு மாமி எல்லார் முன்னாலயும் கேட்டாங்க மேடம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கை குடுக்காளே மாமி, பிடிச்சுக்கிடுங்கன்னேன்."