680 கொடுத்து 1,000 வாங்கினால் வட்டி எத்தனை சதவீதம்?

நிதி ஆலோசனைக்காக என்னிடம் வந்த பெரியவர் ஒரு சேமிப்புச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். முகமதிப்பு 1,000. அவர் வாங்கிய விலை 680. ஐந்து வருடம் கழித்து முழு ஆயிரமும் கைக்கு வரும், இடையில் வட்டி கிடையாது. "வருடத்துக்கு 9.4 சதவீதம்னு சொன்னாங்க. அதனாலதான் 8.5 சதவீதக் கூட்டுவட்டி வைப்பை விட்டுட்டு இதை வாங்கினேன்" என்றார்.

அந்த 9.4 எப்படி வந்தது? லாபம் 320. அதை 680ஆல் வகுத்தால் 47 சதவீதம். அதை ஐந்தால் வகுத்தால் 9.4. வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் இது தனிவட்டிக் கணக்கு. வைப்பில் முதல் வருட வட்டி அசலோடு சேர்ந்து, அடுத்த வருடம் அதுவும் வட்டி ஈட்டுகிறது. இரண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால் சான்றிதழுக்கும் கூட்டுவட்டிக் கணக்குத்தான் போட வேண்டும்.

கேள்வி இதுதான்: 680ஐ எந்த விகிதத்தில் வருடாவருடம் வளர்த்தால் ஐந்தாவது வருட முடிவில் 1,000 ஆகும்? முகமதிப்பை விலையால் வகுத்து, ஐந்தாம் மூலம் எடுத்து, ஒன்றைக் கழிக்க வேண்டும். எக்செல்லில் ஒரே வரி:

```
=(1000/680)^(1/5)-1
```

விடை 8.02 சதவீதம். சந்தேகம் இருந்தால் 680ஐ 1.08ஆல் ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 999 வரும். அதே 680 அந்த 8.5 சதவீத வைப்பில் இருந்திருந்தால் 1,022 ஆகியிருக்கும். கூடுதல் வருமானம் என்று நம்பி வாங்கியவருக்கு உண்மையில் 22 குறைவு. இதை அவரிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்புறம், விலை என்பது சான்றிதழில் அச்சிட்ட விலை மட்டுமல்ல. வாங்கும்போது 10 கட்டணம் கொடுத்திருந்தால் உங்கள் முதலீடு 690. விகிதம் 7.7ஆக இறங்கிவிடும்.

காலத்தைத் தப்பாக எடுப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். வேறொருவரிடமிருந்து பாதியில் வாங்குகிறவர்கள், சான்றிதழில் ஐந்து வருடம் என்று இருப்பதால் ஐந்தையே போட்டுவிடுகிறார்கள். எண்ண வேண்டியது நீங்கள் பணம் கொடுத்த நாளிலிருந்து முதிர்வு நாள் வரைதான். 40 மாதம் மீதி இருக்கும்போது 780 கொடுத்து வாங்கினீர்கள் என்றால், ஐந்தாம் மூலத்துக்குப் பதில் அடுக்கில் 12/40 வரும்:

```
=(1000/780)^(12/40)-1
```

இது 7.74 சதவீதம். ஐந்து வருடம் என்று போட்டிருந்தால் 5.1 என்று காட்டி, நல்ல சான்றிதழையே வேண்டாம் என்று ஒதுக்க வைத்திருக்கும்.