நிறக்குருடு, நிறமயக்கம்: ஒரு சொல்லும் ஒரு மழை வரைபடமும்

ஆங்கிலத்தில் ‘கலர் பிளைண்ட்னஸ்’ என்று வழங்கும் சொல்லுக்கு நிகராக நம் பாடநூல்கள் ‘நிறக்குருடு’ என்ற சொல்லைத் தந்திருக்கின்றன. ‘வண்ணக்குருடு’ என்பதும் வழக்கில் உண்டு. இரண்டுமே ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தவை. அதனால் அந்த ஆங்கிலச் சொல்லில் இருந்த பிழையும் சேர்ந்தே தமிழுக்கு வந்துவிட்டது. நிறமே தெரியாதவர் என்ற பொருளை அச்சொல் தருகிறது. ஆனால் அச்சொல்லால் குறிக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோருக்கு நீலம் நீலமாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் நன்றாகவே தெரிகின்றன. உலகத்தைக் கறுப்பு வெள்ளையாகக் காணும் நிலை மிக அரிது.

நடப்பது இதுதான். விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகைப்படும். ஒன்று நீண்ட அலைநீள ஒளிக்கும், ஒன்று நடுத்தர அலைநீளத்துக்கும், ஒன்று குறுகிய அலைநீளத்துக்கும் மிகுதியாகத் தூண்டப்படுகிறது. இவற்றுள் ஒரு வகை இல்லாமல் போனாலோ, அது உணரும் எல்லை அடுத்த வகையின் எல்லையை நெருங்கிவிட்டாலோ, சில நிற இணைகளுக்கு இடையிலான வேறுபாடு மங்கிவிடுகிறது. முதல் இரண்டு வகைகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அமைந்திருப்பதால், ஒரே ஒரு எக்ஸ் உடைய ஆண்களிடமே இக்குறை மிகுதியாகக் காணப்படுகிறது. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கும் பெண்களில் 0.5 சதவீதத்தினருக்கும் இது உண்டு என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கணக்கு. பிற மக்களிடையே இந்த அளவு வேறுபடுகிறது.

இந்நிலையை முதன்முதலில் விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் வேதியியலாளர் ஜான் டால்டன். அவரே இக்குறை உடையவர். பகலில் வானநீலமாகத் தெரிந்த ஒரு ஜெரேனியப் பூ, மெழுகுவத்தி வெளிச்சத்தில் முற்றிலும் வேறு நிறமாகத் தோன்றியதைக் கண்டு வியந்த அவர், நண்பர்களிடம் கேட்டபோது, தம் சகோதரரைத் தவிர வேறு எவருக்கும் அந்த மாற்றம் தெரியவில்லை என்பதை அறிந்தார். 1794-இல் மான்செஸ்டரில் இதுபற்றி ஓர் உரை நிகழ்த்தினார். தம் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீல நிறமாக இருப்பதே காரணம் என்று அவர் கருதினார். 1844-இல் அவர் இறந்தபின், அவர் விருப்பப்படியே கண்ணைத் திறந்து பார்த்தபோது நீர்மம் தெளிவாகவே இருந்தது. பாதுகாக்கப்பட்ட அக்கண்ணின் டி.என்.ஏ.வை 1995-இல் ஆராய்ந்தவர்கள், நடுத்தர அலைநீளக் கூம்புச் செல்களே அவருக்கு இல்லை என்று நிறுவினர். பிரெஞ்சும் ஸ்பானியமும் இன்றும் இந்நிலையை டால்டனின் பெயராலேயே குறிக்கின்றன. ஆங்கிலத்தில் 1840-களில் இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் எழுத்தில் புகுந்த ‘நிறக் குருடு’ என்ற தொடர்தான் நிலைத்தது.

மருத்துவர்கள் கூறும் ‘புரோட்டனோப்பியா’, ‘டியூட்டரனோப்பியா’, ‘டிரிட்டனோப்பியா’ ஆகிய பெயர்கள் கிரேக்க எண்ணுப்பெயர்களிலிருந்து வந்தவை: முதலாவது இன்றிய பார்வை, இரண்டாவது இன்றிய பார்வை, மூன்றாவது இன்றிய பார்வை. முதலாவது சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம் என்று வைத்துக்கொள்ளலாம். வரைபடம் செய்பவர் நினைவில் நிறுத்த வேண்டிய வேறுபாடு ஒன்று இதில் உண்டு. முதல் வகையினருக்குச் சிவப்பு பச்சையோடு குழம்புவது மட்டுமின்றி, இருண்டும் தெரிகிறது; கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைத்தால் அவர்களால் அதைப் படிப்பதே கடினம்.

இனி, தமிழில் எச்சொல் தகும்? மருத்துவச் சான்றிதழிலும் அலுவல் கடிதத்திலும் ‘நிறப்பார்வைக் குறைபாடு’ என்பதே பொருந்தும். அது ஒருவரையும் இழிவுபடுத்தாது, அளவில் பெரியது சிறியது என்ற எல்லா நிலைகளையும் அடக்கும். ஆனால் வரைபடத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு ‘நிறமயக்கம்’ என்ற சொல்லே மேலானதாகப் படுகிறது. தமிழ் இலக்கணம் ‘மயக்கம்’ என்ற சொல்லை மிகத் துல்லியமாக ஆள்கிறது. ஒரு வேற்றுமை உருபு மற்றொன்றின் இடத்தில் நிற்பது உருபு மயக்கம். ஒரு திணைக்கு உரியது இன்னொரு திணையில் கலப்பது திணை மயக்கம். ஒரு நிறம் இன்னொரு நிறத்தின் இடத்தில் நிற்பது நிறமயக்கம். ‘மயக்கம்’ என்றதும் தலைசுற்றலும் நினைவுக்கு வரும் என்று சிலர் மறுக்கலாம். ஆனால் முன்னே ‘நிறம்’ நிற்கும்போது அந்தப் பொருள் எழ வழியில்லை. இச்சொல்லுக்கு வேறொரு பயனும் உண்டு. ‘குருடு’ என்பது பார்ப்பவரின் கண்மேல் ஏறுகிறது. ‘மயக்கம்’ என்பதை வரைபடத்தின்மேலும் ஏற்றிச் சொல்லலாம். ‘இந்தப் படத்தில் நிறமயக்கம் இருக்கிறது’ என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் சொன்னால், திருத்த வேண்டியது எது என்பது உடனே விளங்கிவிடும்.

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை செய்தி வரைகலைப் பகுதியில் வேலை செய்பவர்கள் ஏறத்தாழ நாள்தோறும் வரையும் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை எச்சரிக்கைக்கு நான்கு நிறங்கள் உண்டு: எச்சரிக்கை இல்லை என்பதற்குப் பச்சை, கவனித்து வருக என்பதற்கு மஞ்சள், ஆயத்தமாக இருக்க ஆரஞ்சு, செயலில் இறங்கச் சிவப்பு. தமிழகத்தின் 38 மாவட்டங்களையும் இந்த நான்கில் ஒன்றால் நிரப்பி, கீழே ஒரு வரி விளக்கம் எழுதிவிட்டால் படம் முடிந்தது என்பதே வழக்கம். கணினி முதலில் நீட்டும் நிறங்களையே, அதாவது #00FF00, #FFFF00, #FFA500, #FF0000 ஆகியவற்றையே, அவசரத்தில் பலரும் எடுத்துவிடுகிறோம்.

இந்நான்கின் ஒளிர்வைக் கணக்கிட்டால் சிக்கல் வெளிப்படும். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 1 என்று வைத்துக்கொண்டால், மஞ்சளுக்கு 0.93, பச்சைக்கு 0.72, ஆரஞ்சுக்கு 0.48, சிவப்புக்கு 0.21 வருகிறது. வெளிச்சத்தின் வரிசையில் பார்த்தால், ‘எச்சரிக்கை இல்லை’ என்னும் பச்சை, மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. பச்சைக் கூம்பு இல்லாத ஒருவருக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு மூன்றும் ஏறத்தாழ ஒரே மஞ்சட் சாயலாகத் தெரிவதால், அவர் நம்பக்கூடியது வெளிச்ச வேறுபாட்டை மட்டுமே. அதுவும் இங்கே அவரைத் தவறான வரிசைக்கு இட்டுச் செல்கிறது. அவர் கண்ணுக்கு எச்சரிக்கையே இல்லாத தேனி, மஞ்சள் எச்சரிக்கை பெற்ற கடலூரைவிட ஆபத்தான இடமாகத் தோன்றலாம். ஒருமுறை இப்படிப்பட்ட ஒரு படத்தின் மெய்ப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், ஆரஞ்சு நிரப்பியிருந்த மாவட்டத்தின்மேல் விரலை வைத்து, “செங்கல்பட்டு பச்சைதானே அண்ணா, பிறகு ஏன் தலைப்பில் சேர்த்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். அவர் கேள்வியில் குறை ஏதும் இல்லை; படத்தில்தான் மயக்கம் இருந்தது.

நிறங்களின் பெயரை நாம் மாற்ற முடியாது. தொலைக்காட்சியும் வானொலியும் ‘ரெட் அலர்ட்’ என்று சொல்லும்போது படத்தில் ஊதா நிறம் வைத்தால், அது புதிய குழப்பமாகும். பெயரை வைத்துக்கொண்டு சாயலை மாற்றுவதே வழி. எச்சரிக்கை கூடக் கூட நிறம் கருக்க வேண்டும்; இதில் எந்தப் படியும் பின்வாங்கக் கூடாது. நான் பயன்படுத்தும் நான்கு இவை:

```
பச்சை    #E3F4E3
மஞ்சள்   #F2C200
ஆரஞ்சு   #E06A00
சிவப்பு   #8C0000
```

இவற்றின் ஒளிர்வு முறையே 0.87, 0.57, 0.26, 0.06. பச்சை ஏறத்தாழ வெள்ளையாக வெளிறிவிட்டதால், மஞ்சளோடும் ஆரஞ்சோடும் அது இனி மயங்காது. கறுப்பு வெள்ளையில் அச்சாகும் உட்பக்கத்திலும் வரிசை குலையாது. பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையிலான வெளிச்ச விகிதம் மற்ற படிகளில் உள்ளதைவிடக் குறைவுதான். ஆனால் ஒன்று வெளிறியும் மற்றொன்று அடர் மஞ்சளாகவும் இருப்பதால், சிவப்பு, பச்சை மயக்கம் உடையவர்கள் அதைப் பிரித்தறிவார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கருஞ்சாம்பல் எல்லைக்கோடு இட்டால் ஐயம் முற்றிலும் நீங்கும்.

அடுத்தது வடிவம். நிறம் ஒன்றை மட்டுமே கொண்டு செய்தியைச் சொல்லக்கூடாது என்பது WCAG எனப்படும் இணைய அணுகல் வழிகாட்டியின் 1.4.1-ஆம் விதி. ஆரஞ்சுக்குச் சாய்கோடும் சிவப்புக்குக் குறுக்குக்கோடும் இட்டு நிரப்புவது பலரும் செய்யும் முறை. திருவண்ணாமலை போன்ற பரந்த மாவட்டத்தில் அது நன்றாகவே தெரியும். சென்னை மாவட்டத்தின் பரப்போ 2018-இல் விரிவாக்கிய பிறகும் 426 சதுர கிலோமீட்டர்தான். கைப்பேசித் திரையில் அது ஒரு பொட்டு. அதற்குள் எந்தக் கோடும் நிற்காது. மக்கள் மிக நெருக்கமாக வாழும் மாவட்டமே படத்தில் படிக்க முடியாததாகிவிடுகிறது. ஆகவே சென்னைக்கு மட்டும் கடற்பக்கம் ஒரு கோடு இழுத்து, வங்காள விரிகுடாவின் வெற்றிடத்தில் ‘சென்னை: சிவப்பு’ என்று எழுதிவிடுகிறேன். மற்ற மாவட்டங்களில் கோடுகளுக்குப் பதில் 2, 3, 4 என்று எண் இடுவதே எளிது. எச்சரிக்கை இல்லாதவற்றுக்கு எண் வேண்டாம். சிவப்பின்மேல் எண் வெள்ளையாகவும், மற்ற இரண்டின்மேல் கறுப்பாகவும் இருக்க வேண்டும்.

படத்தின் கீழுள்ள விளக்க வரியில்தான் மயக்கம் பெரும்பாலும் எஞ்சி நிற்கிறது. ‘சிவப்பு நிறத்தில் காட்டப்பட்டுள்ள மாவட்டங்களில் அதி கனமழை பெய்யக்கூடும்’ என்ற வரி, சிவப்பு எது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படும். ‘சிவப்பு (4): சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம்’ என்று எழுதினால், நிறத்தின் பெயர், எண், ஊர் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். படம் திறக்காத மெதுவான இணைப்பிலும் அந்த வரி தனியே நின்று பேசும். நிறத்தின் பெயரை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் வைப்பதும் சரியன்று; வானொலியில் ‘சிவப்பு’ என்று கேட்டவர் அச்சொல்லைப் படத்தில் தேடுவார்.

படத்தை வெளியிடும் முன் குரோம் உலாவியின் DevTools-இல் Rendering பகுதிக்குச் சென்று, `Emulate vision deficiencies` என்பதில் Protanopia, Deuteranopia இரண்டையும் மாற்றிப் பார்க்கலாம். ஒரு வகைக் கூம்பு அறவே இல்லாத நிலையை அது காட்டுகிறது. பலருக்கு இருப்பது அதைவிட மிதமான குறை. ஆகவே அதில் தெளிவாக நிற்கும் படம் பெரும்பாலோருக்குத் தெளிவாகவே இருக்கும். ஆனால் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, வெயிலில் கைப்பேசியைப் பிடித்துப் பார்க்கும் சோதனையை எந்த மென்பொருளும் செய்து தராது. வெளிறிய பச்சைக்கும் வெள்ளைக் கடலுக்கும் உள்ள எல்லை முதலில் கரைவது அங்கேதான். கடலுக்கு இளஞ்சாம்பல் பூசினால் கடற்கரை மாவட்டங்களின் விளிம்பு மீண்டும் தெரியும்.