கொய்யாக் கிளையில் ஓர் அங்குலப் பட்டை

செங்கோட்டையிலும் புளியரையிலும் ஆனி மாதச் சாரல் தொடங்கியதும், காற்றில் ஈரம் நின்றுவிடுவதால், கொய்யாவில் விண்பதியம் கட்ட, அதாவது கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விடச் செய்து பிறகு வெட்டி நட, அதுவே ஏற்ற காலம். கேரள எல்லை தாண்டி ஆரியங்காவுக்குப் போனால் இதையே ‘பதிவைக்கல்’ என்பார்கள். விதையிலிருந்து வளரும் கொய்யா தாய்மரத்தின் சுவையில் காய்க்கும் என்று உறுதியில்லை. பதியச் செடியோ தாய்மரத்தின் ஒரு துண்டே என்பதால் அதே பழத்தைத் தரும்.

பென்சில் பருமனுள்ள, நோயில்லாத, ஏறத்தாழ ஓராண்டு வயதுள்ள கிளையில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் ஒரு கீறலும், அதற்கு ஓர் அங்குலம் கீழே இன்னொரு கீறலும் இட்டு, இடைப்பட்ட பட்டையை வளையமாக உரித்தெடுக்க வேண்டும். நீர், வேரிலிருந்து மரக்கட்டையின் வழியே மேலேறுவதால் இலைகள் வாடுவதில்லை. ஆனால் இலைகள் சமைத்த சர்க்கரையும், துளிர்களில் உருவாகும் ஆக்சின் என்னும் வேர் தூண்டும் பொருளும் பட்டையின் வழியாகத்தான் கீழிறங்குகின்றன. வழி அறுபட்டதால் அவை மேல் வெட்டின் விளிம்பில் தேங்கி, அங்கே சதை திரண்டு, அதிலிருந்து வேர் கிளம்புகிறது. ஆகவே வேர் ஊக்கித் தூளையும் மேல் விளிம்பில்தான் தடவ வேண்டும்.

நான் முதலில் கட்டிய பதியத்தை இரண்டு மாதம் கழித்துப் பிரித்தபோது உள்ளே ஒரு வேர்கூட இல்லை. உரித்த இடத்தின் ஒரு பக்கத்தில், தீக்குச்சி அகலத்துக்குப் புதுப்பட்டை மேலிருந்து கீழ்வரை பாலம் போட்டிருந்தது. பட்டையை உரித்த பின் கட்டையின் மேல் வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் வளர்படலத்தை நான் சுரண்டாமல் விட்டதே காரணம். அந்தப் படலம் புதுப்பட்டையை உண்டாக்கிவிட்டால் சர்க்கரை பழையபடி கீழே இறங்கிவிடும். கிளைக்கு வேர்விட வேண்டிய தேவையே இராது. இப்போதெல்லாம் கத்தியின் முதுகால், விரலுக்கு வழுக்கல் தட்டாத வரை சுரண்டுகிறேன்.

அடுத்து, ஊறவைத்த தேங்காய் நார்க்கழிவைக் கையால் இறுக்கிப் பிழிந்து, சொட்டு நீர் வடியாத பதத்தில் ஒரு கைப்பிடி எடுத்து, வெட்டு முழுவதும் மறையும்படி பொதிந்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் சுற்றி இரு முனைகளையும் இறுகக் கட்ட வேண்டும். சாரல் ஊரில் மேல்கட்டுதான் முக்கியம்; அது தளர்ந்தால் மழைநீர் கிளைவழியே உள்ளே இறங்கி, நார் கறுத்து நாற்றமெடுக்கும்.

நாலைந்து வாரங்களில் தாளுக்குள் வெள்ளை வேர்கள் தெரியும். வெள்ளையைக் கண்டதும் வெட்டிவிடக் கூடாது, வேர்கள் கிளைத்து இளம்பழுப்பு ஏறும்வரை பொறுத்து, பொதிக்குக் கீழே முதலில் பாதியளவு வெட்டி, ஒரு வாரம் கழித்து முழுவதும் அறுக்க வேண்டும். தாளை மட்டும் நீக்கி, நார் உதிராமல் தொட்டியில் நட்டு, இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டு, சில வாரங்கள் நிழலில் வைக்க வேண்டும். சிறிதளவே உள்ள புது வேரால் அத்தனை இலைகளுக்கும் நீர் கொடுக்க முடியாது. பதியச் செடிக்கு ஆணிவேர் கிடையாது. ஆடிக் காற்று வீசும் இந்தப் பக்கத்தில், நிலத்தில் நட்ட பிறகும் முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு குச்சியை ஊன்றிச் சேர்த்துக் கட்டிவைக்க வேண்டியிருக்கும்.