வாசலில் 'லின்' என்பதா, 'லம்' என்பதா?

"வாங்க வாங்க, மெதுவாப் பாருங்க." கடைக்குள் கால் வைப்பவரிடம் நாம் சொல்லும் இந்த வரியைச் சீன வாடிக்கையாளருக்காக மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முகப்புப் பலகையில் எழுத ஒரு வாசகம் வேண்டும், வாசலில் ஒலிக்கவிட ஒரு குரல்பதிவும் வேண்டும். "சீன மொழியில் இதற்கு என்ன?" என்று கேட்டுவிட்டு வருகிற முதல் பதிலை இரண்டுக்கும் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். பிழை நுழைவதும் அங்கேதான். ஏனென்றால் பலகை பெரும்பாலும் எல்லாச் சீனர்களுக்கும் பொது. குரல் அப்படியல்ல. சீனத்தின் இரு பெரும் பேச்சுவகைகளான காண்டனீசும் மாண்டரினும் காதால் கேட்டால் ஒருவருக்கொருவர் புரியாத அளவுக்கு விலகிய பேச்சுகள்.

முதலில் 'வாங்க வாங்க'வை எடுத்துக்கொள்வோம். 'வா' என்பதற்கான சொல்லை அப்படியே அடுக்கி 'லாய் லாய்' என்றால், சாப்பாட்டு மேசையில் நண்பரைக் கூப்பிடுவதுபோல் இருக்கும். தமிழில் மரியாதையை 'ங்க' சுமக்கிறது. சீன வினைச்சொல்லில் அப்படி ஒட்டு எதுவும் கிடையாது. மரியாதை முழுவதும் எந்தச் சொல்லைத் தேர்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. கடை வரவேற்புக்கென்றே நான்கு எழுத்துத் தொடர் ஒன்று உண்டு. அதன் கடைசி இரண்டு எழுத்துகளில் முதலாவது 'ஒளி', அடுத்தது 'எழுந்தருளல்'. உங்கள் வருகையே எங்களுக்கு ஒளி என்பது உள்ளர்த்தம். இதைக் கேட்ட வாடிக்கையாளர் பதில் சொல்ல வேண்டியதில்லை, கேட்டபடியே உள்ளே போய்விடலாம். நம் 'நல்வரவு' பலகையின் இடத்தை இது கச்சிதமாக நிரப்பும். 'வணக்கம்' என்று நினைத்து 'நி ஹாவ்' போடுகிறவர்கள் உண்டு. அது தவறில்லை, ஆனால் அது நலம் கேட்கும் சொல், வரவேற்புச் சொல் அல்ல.

இப்போது அந்த நான்கு எழுத்துகளையும் இரண்டு பேச்சிலும் வாசித்துப் பார்ப்போம்.

மாண்டரினில் ஹுவான்-யிங்-குவாங்-லின். காண்டனீசில் ஃபூன்-யிங்-குவோங்-லம்.

எழுத்து ஒன்றேதான். முதல் அசையில் 'ஹு' எங்கே 'ஃப்' ஆனது? இது ஏதோ ஒரு சொல்லில் மட்டும் நடந்ததல்ல. பூவை மாண்டரின் 'ஹுவா' என்கிறது, காண்டனீஸ் 'ஃபா' என்கிறது. நெருப்பு அங்கே 'ஹுவோ', இங்கே 'ஃபோ'. பழைய 'ஹ்', 'வ்' இரண்டும் ஒட்டிய இடங்கள் பலவற்றில் காண்டனீஸ் உதடும் பல்லும் சேரும் ஒலிக்கு மாறிக்கொண்டது. கடைசி அசையில் கதை தலைகீழ்: காண்டனீஸ் பழையதைக் காப்பாற்றியது, மாண்டரின் மாற்றிவிட்டது. கி.பி. 601இல் தொகுக்கப்பட்ட 'சியெயுன்' என்ற ஒலி அகராதி சொற்களை இயைபுத் தொடை பார்த்து அடுக்குகிறது. அதில் நம் நான்காவது எழுத்து 'ம்' என்று முடியும் சொற்களோடு நிற்கிறது. மாண்டரினில் காலப்போக்கில் சொல்லிறுதி 'ம்' எல்லாம் 'ன்' ஆயிற்று. காண்டனீசில் 'ம்' அப்படியே இருக்கிறது. 'டிம்சம்' என்ற பெயரை நாம் காண்டனீஸ் வழியாகத்தான் கேட்டுப் பழகினோம். அதையே மாண்டரினில் சொன்னால் 'டியன்சின்', இரண்டு 'ம்'மும் 'ன்' ஆகிவிட்டன. தமிழ்க் காதுக்கு 'ம்', 'ன்' வேறுபாடு சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. நமக்கு இது பெரிய வசதி.

இதைவிட எனக்குப் பிடித்தது தொனியின், அதாவது ஒவ்வோர் அசைக்கும் உரிய குரல் ஏற்ற இறக்கத்தின் கதை. மாண்டரினில் இந்த நான்கு அசைகளும் உயர்ந்து நிற்பது, ஏறுவது, உயர்ந்து நிற்பது, ஏறுவது என்று போகும். காண்டனீசில் உயர்வு, தாழ்வு, உயர்வு, தாழ்வு. அங்கே ஏறுகிற இடத்தில் இங்கே இறங்குகிறது. ஆனால் 'சியெயுன்' காலத்துப் பழஞ்சீனத்தில் இந்த நான்கு அசைகளுக்கும் ஒரே தொனிதான், 'சமதொனி' என்று பெயர். பிரிவு எப்படி வந்தது? தொண்டையில் விரலை வைத்து 'க்' என்றும் 'ல்' என்றும் சொல்லிப் பாருங்கள். 'ல்'லில் அதிர்வு தெரியும், 'க்'கில் தெரியாது. அதிரும் மெய்யொலிக்குப் பின் வரும் உயிரொலி சற்றுத் தாழ்ந்தே தொடங்கும். இது குரல்நாண்களின் இயல்பு. முதல் அசையும் மூன்றாவது அசையும் பழஞ்சீனத்தில் அதிராத மெய்யில் தொடங்கியவை. இரண்டாவதும் நான்காவதும் அதிரும் மெய்யில் தொடங்கியவை. இந்தச் சின்ன வேறுபாடு நாளாக நாளாகப் பெரிதாகி, ஒரே தொனி இரண்டாகப் பிளந்தது. தாழ்ந்த பிளவு மாண்டரினில் ஏறுதொனியாகவும், காண்டனீசில் தாழ்ந்து இறங்கும் தொனியாகவும் நிலைத்தது.

சரி, இதுவரை ஒரே தொடரின் இரண்டு உச்சரிப்புகள். 'மெதுவாப் பாருங்க'வுக்கு வந்தால் சொல்லே மாறிவிடுகிறது. மாண்டரினில் 'மான்மான் கான்', காண்டனீசில் 'மான்மான் தாய்'. 'பார்' என்பதற்கான வினை வேறு, அதை எழுதும் எழுத்தும் வேறு. மாண்டரின் வினையைக் காண்டனீஸ் ஒலியில் வாசித்தால் ஹாங்காங்கில் பொருள் புரியும். ஆனால் பாடப்புத்தகத்தை எடுத்துப் படிப்பதுபோல் இருக்கும், வாயிலிருந்து வந்த பேச்சாக இருக்காது. காலை வணக்கத்தில் பொறி இன்னும் ஆழம். காண்டனீசின் 'ஜோவ் சன்' என்ற இரண்டு எழுத்துகளை மாண்டரின் ஒலியில் வாசித்தால் 'காலைப்பொழுது' என்ற வெறும் பெயர்ச்சொல்தான் மிஞ்சும். அங்கே வாழ்த்து 'ஜாவ்ஷாங் ஹாவ்'. 'நீங்க'வும் அப்படியே. மாண்டரினில் மரியாதைக்கு 'நின்' இருக்கிறது, காண்டனீஸ் பேச்சில் அதற்கு நேரான சொல் புழக்கத்தில் இல்லை.

அடுத்தது எழுத்துருவம். ஹாங்காங்கிலும் தைவானிலும் மரபெழுத்து, சீனப் பெருநிலத்திலும் சிங்கப்பூரிலும் மலேசியப் பள்ளிகளிலும் எளிதாக்கிய எழுத்து. பலகைக்கு வேண்டியவை இவை:

```
歡迎光臨   மரபு
欢迎光临   எளிது
```

மரபெழுத்து என்றாலே காண்டனீஸ் என்று எண்ணிவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. தைவானில் மரபெழுத்து எழுதி மாண்டரின் பேசுகிறார்கள். சீனப் பெருநிலத்தின் குவாங்சோ நகரில் எளிதாக்கிய எழுத்தை எழுதிக் காண்டனீஸ் பேசுகிறார்கள். கோலாலம்பூரிலும் காண்டனீஸ் பரவலாகக் காதில் விழும், பள்ளியில் கற்பது மாண்டரின். ஆக, பலகையை வைத்துக் குரலை ஊகிக்க முடியாது. கணினிக் குரலைப் பயன்படுத்தினால் அங்கும் இதே குழப்பம்தான். `zh-Hant` என்ற குறி எழுத்துருவத்தை மட்டும் சொல்கிறது, `zh-TW` தைவான் மாண்டரினுக்குப் போகும். காண்டனீஸ் வேண்டுமானால் `yue` அல்லது `zh-HK` இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பதிவு கைக்கு வந்ததும் சோதிக்க ஓர் அசை போதும். வரவேற்புத் தொடரின் கடைசியில் உதடு மூடி 'லம்' என்று இறங்கினால் காண்டனீஸ். உதடு மூடாமல் 'லின்' என்று ஏறினால் மாண்டரின். 2021 கணக்கெடுப்பின்படி ஹாங்காங் மக்களில் ஏறத்தாழ 88 சதவீதத்தினர் அன்றாடம் பேசுவது காண்டனீஸ். அவர்களுக்காகச் செய்த பதிவில் 'லின்' கேட்டால் மாற்றிவிடுங்கள். சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசுவோம் இயக்கத்துக்குப் பின் வளர்ந்த தலைமுறைக்கு 'லின்' பொருத்தம்.

வருகிறவர் யாரென்றே தெரியாத கடையில் குரல்பதிவை விட்டுவிட்டு, இரண்டு எழுத்துருவத்திலும் பலகையை மட்டும் வைப்பேன். பார்த்த எழுத்தை அவரவர் மனத்துக்குள் அவரவர் ஒலியில் வாசித்துக்கொள்வார்கள். அப்புறம் உங்களைக் கூப்பிட வாடிக்கையாளர் வாயைத் திறப்பார். நம் 'ம்' போலவே தனி மெய்யில் தொடங்கி 'ம்-கோய்' என்றால், பணம் வாங்கும்போது 'தோ ஜே' என்று நன்றி சொல்லுங்கள். பொருளைப் பெற்றுக்கொண்டு 'ஷியெஷியெ' என்றால், நீங்களும் 'ஷியெஷியெ'தான்.